வேலையை விட்ட நாளையே விட்ட நாளாகப் பதியுங்கள்: விடைபெறும்போது மனிதவளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறையினருக்கு,

வணக்கம். 2026 ஜனவரி 30 வெள்ளிக்கிழமை சம்பளப் பிரிவில் எனக்குக் கடைசி நாள். விடைபெறுகிறவர்கள் எழுதும் வழக்கமான மின்னஞ்சலில் நன்றியும் நெகிழ்ச்சியும் இருக்கும், வேலையைப் பற்றி ஒரு வரி இருக்காது. இந்த மடலில் நன்றியும் உண்டு, வேலையும் உண்டு.

முதலில் நன்றி. மாதம் 15ஆம் தேதிக்குள் பிஎஃப் பணம் கட்டியாக வேண்டும் என்பதால் 14ஆம் தேதி இரவுகளில் கூட இருந்து ஒவ்வொருவரின் பிஎஃப் அடையாள எண்ணான யூஏஎன்னையும் சரிபார்த்த கணக்குப் பிரிவு நண்பர்களுக்கு நன்றி. போர்ட்டல் படுத்துவிடும் என்று தெரிந்து 10ஆம் தேதிக்கே வருகைப் பதிவை முடித்துக் கொடுத்த ஷிஃப்ட் மேற்பார்வையாளர்களுக்கும் நன்றி. இவர்கள் கவனமாகச் செய்த வேலையைக் கடைசிக் கட்டத்தில் எங்கே கெடுக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மாறாததால்தான் இதை எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் தேதி விலகிய நண்பரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சம்பளம் 24,800 ரூபாய். ஆகஸ்டில் 8 நாள் வேலை, எனவே 6,400 ரூபாய். அதில் அவர் பங்கு 12 சதவீதம், 768 ரூபாய். நிறுவனப் பங்கும் 768. அதில் 533 ஓய்வூதியக் கணக்குக்கும் 235 பிஎஃப் கணக்குக்கும் போகும். மொத்தம் 1,536 ரூபாய். இதைச் செப்டம்பர் 15க்குள், ஆகஸ்ட் மாதச் சம்பளக் கணக்கில், விலகிய நாள் ஆகஸ்ட் 8 என்று பதிந்து கட்டியிருந்தால் அத்தோடு முடிந்தது.

நம் வழக்கம் வேறு. விலகுகிறவரின் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தி வைக்கிறோம். லேப்டாப், அடையாள அட்டை, நோ-டியூஸ் படிவத்தில் ஆறு கையெழுத்து எல்லாம் வந்த பிறகே அவருக்குச் சேரவேண்டிய பாக்கியைத் தீர்க்கும் ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்கு முடிகிறது. இந்த நண்பருக்கு அது முடிந்தது அக்டோபர் 10. அன்று கொடுத்த அந்த 8 நாள் சம்பளம், ஆகஸ்ட் நிலுவையாகக் காட்டப்படாமல் அக்டோபர் சம்பளமாகவே பிஎஃப் கணக்கில் ஏறியது. விலகிய நாள் என்ற கட்டத்திலும் அக்டோபர் 10 என்று தட்டியாயிற்று. தட்டியவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த தாளில் வேறு தேதியே இல்லை.

நண்பர் புதிய இடத்தில் சேர்ந்தது ஆகஸ்ட் 18. ஆக, அரசுப் பதிவின்படி ஆகஸ்ட் 18 முதல் அக்டோபர் 10 வரை, 54 நாள், அவர் ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களில் வேலை பார்த்திருக்கிறார். பின்னணிச் சரிபார்ப்பு செய்கிறவர்கள் இப்போதெல்லாம் பழைய சம்பளச் சீட்டை நம்புவதில்லை, யூஏஎன் பணி வரலாற்றைத்தான் பார்க்கிறார்கள். தகுதிகாண் காலத்தில் இருக்கும் மனிதரிடம் "இரட்டை வேலைக்கு விளக்கம் தருக" என்று கடிதம் வந்தது. பாஸ்புக்கைத் திறந்தால் அக்டோபரில் இரு நிறுவனங்களின் பணமும் விழுந்திருக்கிறது. யார்தான் அவரை நம்புவார்கள்?

நம் கையெழுத்திட்ட விடுவிப்புக் கடிதத்தில் ஆகஸ்ட் 8 என்றே இருக்கிறது. காகிதத்தில் அனுப்பிவிட்டு, போர்ட்டலில் இரண்டு மாதம் பிடித்து வைத்திருக்கிறோம். அவ்வளவு பாசம் இருந்தால் அந்த இரண்டு மாதச் சம்பளத்தையும் கொடுத்திருக்கலாம்.

பணிக்காலம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பணமாற்றக் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று 2025 மே மாதமே பிஎஃப் அமைப்பு சுற்றறிக்கை விட்டதே என்பீர்கள். உண்மைதான். பணம் மாறிவிடும். ஆனால் பணி வரலாற்றில் தவறான தேதி அப்படியே நிற்கும், கேள்வி கேட்பது பிஎஃப் அலுவலகம் அல்ல, புதிய முதலாளி. அதைத் திருத்த நம் நண்பருக்கு, இரு தரப்பும் சேர்ந்து தரும் ஜாயின்ட் டிக்ளரேஷன் வேண்டும்: விலகியவர் தம் லாகினில் விண்ணப்பிக்க, நாம் நம் லாகினில் ஒப்புதல் தர, பிறகு அது பிஎஃப் அலுவலகத்துக்குப் போகும். அந்த நண்பரின் விண்ணப்பம் நம் லாகினில்தான் காத்திருக்கிறது. அவர் அனுப்பிய புகாரோ "ஃபுல் அண்ட் ஃபைனல் முடிந்தது, குறை தீர்ந்தது" என்ற குறிப்போடு மூன்று முறை மூடப்பட்டிருக்கிறது.

கேட்பது ஒன்றுதான்: வேலையை விட்ட நாளையே விட்ட நாளாகப் பதியுங்கள்.

இங்கே இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நிறுவனம் தேதியே போடாமல் விட்டிருந்தால் நீங்களே போடலாம். உறுப்பினர் போர்ட்டலில் `View` கீழே `Service History` பாருங்கள். விலகிய தேதிக்கான `DOE EPF` காலியாக இருந்தால் `Manage` கீழே `Mark Exit` போய், பழைய நிறுவனத்தின் பிஎஃப் எண்ணைத் தேர்ந்தெடுத்து, தேதியும் காரணமும் கொடுத்து, ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு வரும் ஓடிபியைப் போடுங்கள். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும். அந்தக் கடைசி மாதத்துக்குள் வரும் தேதியை மட்டுமே அது ஏற்கும். போட்ட பின் மாற்றுவது எளிதல்ல, எனவே விடுவிப்புக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இதில்தான் சிக்கலின் வேர் தெரிகிறது. ஆகஸ்ட் சம்பளத்தை அக்டோபர் கணக்கில் ஏற்றிவிட்டால், பதிவின்படி கடைசி மாதம் அக்டோபர் ஆகிவிடுகிறது. அப்புறம் அவர் தானே பதிய நினைத்தாலும் ஆகஸ்ட் 8ஐ அது ஏற்காது. சம்பளத்தை நிறுத்தி வைக்கும் பழக்கம், நம் பிழையைத் தாமே சரிசெய்யும் வழியையும் சேர்த்து அடைக்கிறது. லேப்டாப் வரவில்லையென்றால் லேப்டாப்பைக் கேளுங்கள். எட்டு நாள் கூலியை அடகு பிடிக்க நாம் என்ன வட்டிக்கடையா?

மன்னிக்கவும், மரியாதையாகவே கேட்க உட்கார்ந்தேன். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின் 17ஆம் பிரிவு, விலகியவருக்குச் சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. அதைப் பின்பற்றினால் கடைசிச் சம்பளம் அந்தந்த மாதக் கணக்கிலேயே ஏறும், தேதியும் தானாகச் சரியாகும். தாமதம் தவிர்க்க முடியாத இடத்தில், பணத்தை உரிய மாதத்தின் நிலுவையாகக் காட்டுங்கள். ஃபுல் அண்ட் ஃபைனல் தாளில் "கடைசி வேலை நாள்" என்று தனிக் கட்டம் ஒன்று சேர்த்தால் போதும், தட்டச்சு செய்கிறவர் தேதியைத் தேடி அலைய மாட்டார். தயவுகூர்ந்து இந்த மாதமே செய்யுங்கள்.

அடுத்து எங்கே என்று பலர் கேட்டீர்கள். அம்பத்தூர்ப் பக்கம் பத்து, இருபது பேர் வேலை செய்யும் பட்டறைகளுக்குச் சம்பளக் கணக்கும் பிஎஃப் கணக்கும் பார்க்க ஆள் வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும். சிறிய மேசை, பெரிய ஃபேன்.

நண்பரின் விண்ணப்பத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய குறிப்பை ஒப்படைப்புக் கோப்பின் முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். என் ஜனவரிச் சம்பளத்தை ஜனவரிக் கணக்கிலேயே ஏற்றி, பிப்ரவரி 15க்குள் கட்டும்போது, என் பெயருக்கு நேரே 30-01-2026 என்று பதியுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சம்பளப் பிரிவிலிருந்து விடைபெறும் ஒருவர்