உமையாளுக்குத் தனியாக ஒரு கடிதம்

அன்புள்ள உமையாள்,

இதோடு இன்னொரு கடிதமும் உனக்கு வந்திருக்கும். கல்லூரி லெட்டர்பேடில், முதல்வர் கையெழுத்தோடு, ‘மதிப்பிற்குரிய அம்மையீர்’ என்று ஆரம்பிக்கும். அதை எழுதியதும் நான்தான். ஆறாம் வகுப்பில் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதி, என் தப்பையும் சேர்த்தே எழுதி மாட்டிக்கொண்டவளைத் ‘தாங்கள்’ என்று டைப் அடித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உன் அம்மா காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவள் எட்டு மாதமாக ஒரு போன்கூடப் போடவில்லை, தப்புதான். திட்டுவதை நேரில் வந்து திட்டு.

விஷயம் இதுதான். வரும் செப்டம்பர் 19, சனிக்கிழமை, காலை 10 மணிக்கு எங்கள் பட்டமளிப்பு விழா. சிறப்பு விருந்தினர் நீ. குழுவில் இரண்டு பேர் டிவியில் வரும் ஆளாகப் பார்க்கலாமே என்றார்கள். முப்பது வருஷம் பேங்கில் உட்கார்ந்து கல்விக் கடன் விண்ணப்பம் பார்த்தவளைவிட இந்தப் பிள்ளைகளுக்கு யார் வேண்டும் என்று கேட்டேன், அடங்கிவிட்டார்கள். ‘நான் என்னடி அவ்வளவு பெரிய ஆளா’ என்று நீ ஆரம்பிக்காதே, அதற்கு எனக்கு நேரமில்லை.

ஆவணி முகூர்த்தம் முடிந்து புரட்டாசி பிறந்த கையோடு தேதி வைத்ததற்குக் காரணம் உண்டு. புரட்டாசியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். பெற்றோரும் வருவார்கள், பந்தல்காரரும் சேர் தருவார். ஒரே நஷ்டம் உனக்குத்தான். புரட்டாசிச் சனிக்கிழமை, அதனால் என் வீட்டில் கோழி கிடையாது. வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் உண்டு, கவுனி அரிசியும் செய்து வைக்கிறேன்.

உனக்கு என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், கல்லூரிக் கடிதத்தில் இருப்பது போதாது. பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம், நாங்கள் அதை ஒரு விழா வைத்துப் பிள்ளைகள் கையில் சேர்க்கிறோம், அவ்வளவுதான். அதனால் ‘விழாவைத் தொடங்கி வைக்கிறேன்’ என்று அறிவிப்பது, உறுதிமொழி படிப்பது எல்லாம் முதல்வர் பாடு. நீ பதினைந்து நிமிஷம் பட்டமளிப்பு உரை நிகழ்த்த வேண்டும். தமிழிலேயே பேசு. உரையைச் சிறு புத்தகமாக அச்சடிப்போம், செப்டம்பர் 5க்குள் அனுப்பிவிடு. அப்புறம் நின்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். இந்த நிற்பதைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

போன வருஷம் நடந்ததைக் கேள். வந்தவர் நல்ல மனிதர், பெயர் வேண்டாம். நாங்கள் அனுப்பிய அழைப்பில் ‘காலை 10 மணி’ என்று இருந்தது. எத்தனை மணிக்கு முடியும் என்று ஒரு வரி இல்லை. எத்தனை பேருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. ஒன்றரைப் பக்கம் முழுக்க ‘தங்கள் பொன்னான நேரம்’, ‘தங்கள் பொற்கரங்களால்’. அந்தப் பொன்னான நேரம் எவ்வளவு வேண்டும் என்று மட்டும் யாருமே எழுதவில்லை! அவர் பதினொன்றரைக்குக் கிளம்பி மதுரையில் விமானம் பிடிக்கிற கணக்கில் வந்திருக்கிறார். உரை முடியவே பதினொன்றாகிவிட்டது. நூற்றி இருபது பேர் போல மேடையேறினார்கள், அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கைகூப்பினார், போய்விட்டார். மிச்சப் பிள்ளைகளுக்குத் துறைத்தலைவர்கள் கொடுத்தோம்.

என் கையால் வாங்கியவர்களில் ஒருத்திக்குக் கல்யாணமாகி ஆறு மாதக் குழந்தை. அங்கியோடு வரிசையில் நின்றவள், முறை வரும்போது குழந்தையை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். இறங்கியதும் அந்த அம்மா என்னைப் பார்த்து, ‘எங்க பிள்ளைக்கு மட்டும் ஏன் டீச்சரம்மா குடுத்தீங்க?’ என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்த போட்டோவைத்தான் அவர்கள் வீட்டில் மாட்டப் போகிறார்கள், உமையா. தினம் பார்க்கும் என் முகம் அதில் எதற்கு? அவரைக் குறை சொல்லி என்ன பண்ண, எங்கள் கடிதம்தான் தப்பு.

அதனால் இந்தத் தடவை கணக்குப் போட்டேன். மொத்தம் 412 பேர். ஒருத்தி ஏறி, கையில் வாங்கி, கேமராவைப் பார்த்து, இறங்கப் பத்து வினாடி என்று வை, ஒரு மணி பத்து நிமிஷம் ஆகிறது. தரவரிசையில் வந்தவர்களுக்குப் பதக்கம் போட இன்னும் ஆறேழு நிமிஷம். ஊர்வலம், தமிழ்த்தாய் வாழ்த்து, முதல்வர் அறிக்கை, உன் உரை, உறுதிமொழி எல்லாம் சேர்த்தால் நாட்டுப்பண் பாடும்போது மணி பன்னிரண்டரை தாண்டிவிடும். இதை அப்படியே அழைப்பில் எழுதச் சொன்னேன். ‘விருந்தினரைப் பயமுறுத்துகிற மாதிரி இருக்கே’ என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். பயப்படுகிறவர் இப்போதே பயப்படட்டும் என்றேன்.

ஆக, உன் முழங்கால். எழுபது நிமிஷம் நிற்க முடியுமா? வீறாப்பு வேண்டாம், உண்மையைச் சொல். உயரமான நாற்காலி ஒன்று போட்டு, இருநூறு பேர் முடிந்ததும் ஐந்து நிமிஷம் இடைவெளி விடலாம். உட்கார்ந்துகொண்டே கொடுத்தாலும் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பாதியிலே விட்டால்தான் சொல்வார்கள்.

இன்னொன்று, நீ கொடுக்கப்போகும் உறைக்குள் சான்றிதழ் இருக்காது. திறந்து பார்த்து முழிக்காதே. உள்ளே வைத்தால், ஒருத்தி வராமல் போனாலும் அடுக்கு ஒன்று தள்ளிப்போய், அவளுக்குப் பின்னால் நிற்கிற எல்லோர் கையிலும் வேறொருத்தி பட்டம் இருக்கும். முன்பு ஒரு தரம் அப்படி ஆகி, சாயந்திரம் வரை பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பித் தேடினோம். இப்போது மேடையில் வெறும் உறைதான். அங்கியைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, அவரவர் துறை மேசையில் அசலை வாங்கிக்கொள்வார்கள். நீ வலது கையால் நீட்டு, பாப்பா பிடித்ததும் உடனே விட்டுவிடாதே, இரண்டு பேரும் பிடித்தபடி போட்டோகிராபரைப் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை எழும்பூரில் பல்லவன் ஏறினால் ராத்திரி காரைக்குடி. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். கடிதத்தில் ஹோட்டல் அறை என்று போட்டிருக்கும், அது சம்பிரதாயம். எங்கள் வளவில் முன்னறையைத் துடைத்து வைத்தாயிற்று. ஞாயிறு விடிகாலைப் பல்லவனில்தான் திரும்புகிறாய், சனிக்கிழமையே ஓடுகிற பேச்சு வேண்டாம். டிக்கெட் செலவு கல்லூரி தரும், பயணச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. சன்மானம் கிடையாது. சால்வைக்குப் பதிலாகக் கண்டாங்கிச் சேலை கேட்டிருக்கிறேன், அரக்கு நிறம்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு முதல்வர் அறையில் இருக்க வேண்டும், அங்கி அங்கேதான். ஊர்வலத்தில் நீயும் முதல்வரும் கடைசியில் வருவீர்கள், மெதுவாக நட. அங்கி உன் உயரத்துக்கு நிச்சயம் தரையைப் பெருக்கும், அதனால் உயரமும் தோள் அளவும் எழுது.

ஆகஸ்ட் 20க்குள் முதல்வருக்கு இரண்டு வரி ஒப்புதல் அனுப்பு, அதற்கு மேல் தாமதித்தால் அழைப்பிதழ் அச்சுக்குப் போகாது. பெயரை இனிஷியலோடு எப்படிப் போட வேண்டும், படிப்பு என்ன, கடைசியாக இருந்த பதவி என்ன என்று நீயே எழுதிக் கொடு. நான் எழுதினால் கணக்கு நோட்டு விஷயமும் உள்ளே வந்துவிடும். முழங்கால் விஷயத்தை மட்டும் அந்தக் கடிதத்தில் எழுதாதே, எனக்கு எழுது.

உன்,
மெய்யம்மை