அறுபது மூட்டை சிமென்ட் எங்கே போனது?

ஆசிரியருக்கு,

வணக்கம். தரைத்தள வீடுகளில் தரை இறங்குவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். "கிரவுட்டிங் செய்தால் சரியாகிவிடும்", அதாவது தளத்துக்கு அடியில் துளை வழியே சிமென்ட் போன்ற கலவையைச் செலுத்தினால் போதும் என்று ஒரே வரியில் தீர்வைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார் கட்டுரையாளர். எந்த கிரவுட்டிங் என்று சொல்லவில்லை. கிழக்கு டெல்லியில் யமுனையை ஒட்டிய காலனிகளில் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பணத்தைக் கொட்டுகிறார்கள். அடித்தள வேலைகளிலேயே காலம் கழித்து ஓய்வுபெற்றவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் நடந்ததையே சொல்கிறேன். தரைத்தள வீடு ஒன்றில் கூடத்தின் தளம் ஒரு மூலையில் ஐந்து சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. தூண்களிலோ சுவர்களிலோ விரிசல் இல்லை. அதாவது கட்டடம் அசையவில்லை. தூண்களுக்கு நடுவே கொட்டி நிரப்பிய மண்ணின்மேல் கிடந்த தளம் மட்டும்தான் இறங்கியிருந்தது. சங்கம் அழைத்துவந்த ஒப்பந்தக்காரர் தளத்தில் துளைபோட்டு, சிமென்ட் பாலைக் கைப்பம்பால் உள்ளே செலுத்தினார். மூட்டைக் கணக்கில் கூலி. அறுபது மூட்டை போயிற்று. தளம் ஒரு மில்லிமீட்டர்கூட எழவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூடம் ஐந்துக்கு நான்கு மீட்டர். ஒரு மூலையில் ஐந்து சென்டிமீட்டர், எதிர்ப்பக்கம் ஒன்றுமில்லை என்றால் இறங்கிய மொத்த அளவு அரை கன மீட்டருக்கு மேல் வராது. அறுபது மூட்டை என்பது மூன்று டன் சிமென்ட். சம எடைத் தண்ணீரில் கரைத்தால் ஏறக்குறைய நான்கு கன மீட்டர் பால். தேவையைப்போல் எட்டு மடங்கு உள்ளே போயும் பம்பின் அழுத்தமானி அசையவில்லை என்றால், அது மண்ணுக்குள் நிற்கவில்லை என்றுதானே பொருள்? சில வாரங்களில் பின்புறச் சாக்கடை அடைத்துக்கொண்டது. மேன்ஹோலைத் திறந்தபோது அடியில் சிமென்ட் பாளமாக இறுகிக் கிடந்தது. அதே இடத்தில்தான் குழாயின் மூட்டு விலகி, மழைக்காலத்தில் நுண்மணல் உள்ளே அரித்துப் போயிருக்கிறது. தளம் இறங்கியதற்கே அதுதான் காரணம். மேன்ஹோலில் அடிக்கடி மணல் சேருகிறதா என்று துப்புரவுப் பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

மணலுக்குள் சிமென்ட் பால் ஊடுருவி அதைக் கல்லாக்கிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. பெர்மியேஷன் கிரவுட்டிங் என்பது உண்மையிலேயே அப்படிப்பட்ட முறைதான்: மணற்பருக்கைகளை இடம்பெயர்க்காமல், அவற்றின் இடுக்குகளை மட்டும் நிரப்புவது. ஆனால் இடுக்கு சிமென்ட் துகளைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால்தான் பால் உள்ளே போகும். பொறியாளர்கள் இதற்கு எளிய அளவுகோல் ஒன்று வைத்திருக்கிறார்கள். மணலில் எடைப்படி பதினைந்து சதவீதம் எந்தப் பருக்கை அளவுக்குக் கீழே நிற்கிறதோ அந்த அளவை, சிமென்ட்டில் எண்பத்தைந்து சதவீதம் எந்தத் துகள் அளவுக்குக் கீழே நிற்கிறதோ அந்த அளவால் வகுக்க வேண்டும். விடை 24-ஐத் தாண்டினால் ஊடுருவும். 11-க்குக் கீழே என்றால் ஊடுருவாது. எங்கள் மணலில் முதல் எண் சுமார் 0.1 மில்லிமீட்டர்; சாதாரண சிமென்ட்டில் இரண்டாவது எண் 0.04-க்குக் குறையாது. விடை இரண்டரையைக்கூடத் தாண்டவில்லை. வலுக்கட்டாயமாக அழுத்தினால் மண் பிளந்து, பிளவின் வழியே பால் ஓடும். மேலோட்டமான ஆழத்தில் அதற்குப் பெரிய அழுத்தமும் தேவையில்லை. இரண்டு மீட்டரில் அரை பார் அளவைத் தாண்டினாலே கவனமாக இருக்க வேண்டும் என்பது களத்தில் பழகிய கணக்கு. கைப்பம்பு அதைச் சிரமமின்றித் தாண்டும்.

நுண்மணலில் ஊடுருவ வேண்டுமானால் மிக நுண்ணிதாக அரைத்த சிமென்ட்டோ சோடியம் சிலிகேட் கரைசலோ வேண்டும். அதற்கும் எல்லை உண்டு. 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் வண்டல் பன்னிரண்டு சதவீதத்துக்குள் இருந்தால் வேலை எளிது. இருபதைத் தாண்டினால் சிலிகேட்டும் தடுமாறும். ஆகவே விலைப்புள்ளி கேட்பதற்கு முன் ஒரு வாளி மண்ணைச் சல்லடைச் சோதனைக்கு அனுப்புங்கள். எங்கள் இடத்தில் இந்த முறைக்கு ஓர் உபயோகம் இருந்தது: உடைந்த குழாயைத் தோண்டி மாற்றும்போது, ஈர மணல் குழிக்குள் சரியாமல் நிற்க, குழியைச் சுற்றிச் சிலிகேட் செலுத்தினோம். தற்காலிகத் தடுப்புக்கு அது போதும். தளத்தைத் தூக்க அது உதவாது.

தளத்தைத் தூக்கியது காம்பாக்‌ஷன் கிரவுட்டிங். இதில் செலுத்துவது பால் அல்ல. மணல், சிமென்ட், சாம்பல், கொஞ்சம் தண்ணீர் கலந்த கெட்டிக் காரை. கூம்பு அச்சில் வைத்து எடுத்தால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் சரியக் கூடாது. கிட்டத்தட்ட கொழுக்கட்டை மாவின் பதம். இது இடுக்குகளில் நுழையாது; செலுத்தும் குழாயின் முனையில் உருண்டையாகப் பருத்து, சுற்றியுள்ள மணலை நெருக்கும். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இரும்புக் குழாய்களை மூன்று மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, அடியிலிருந்து தொடங்கி, அரை மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி மேலே வந்தார்கள். நெருக்கப்படும் மண்ணின் கன அளவில் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை காரை பிடிப்பது வழக்கம். எங்கள் கூடத்துக்கு மூன்றரை கன மீட்டரைக் கடந்தது.

கவனிக்க வேண்டியது அழுத்தமானியும் சுவரிலுள்ள மட்டக்கோடும். காரை போகப் போக அழுத்தம் படிப்படியாக ஏறினால் மண் இறுகுகிறது. ஏறிய அழுத்தம் சட்டென்று விழுந்தால் மண் பிளந்துவிட்டது, அல்லது காரை எங்கோ சாக்கடைக் குழாய்க்குள் தப்பிவிட்டது. உடனே நிறுத்த வேண்டும். மேல்மட்டத்துக்கு வந்ததும் மண் இறுகுவதைவிட எழும்பவே பார்க்கும். தளத்தை உயர்த்துவது அந்தக் கட்டத்தில்தான். மிகத் தாழ்ந்த மூலையில் தொடங்கி, ஒரு துளையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயர்ந்ததும் அடுத்த துளைக்குப் போக வேண்டும். அவசரப்பட்டு ஒரே இடத்தில் தூக்கினால் தளம் பாளமாக உடையும். எங்களுடையது நாலரை சென்டிமீட்டர் எழுந்தது. மீதிக்காக மேலும் அழுத்த வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், டைல்ஸ் போடும்போது சரிசெய்யலாமே.

மும்பை வாசகர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கழிமுகக் களிமண்ணில் இந்த முறை பொருந்தாது. நீர் நிறைந்த களி உடனே இறுகாது. காரையின் அழுத்தம் தண்ணீரில் ஏறும், தளம் எழும், பிறகு தண்ணீர் மெல்ல வடிய வடியத் தளம் மீண்டும் இறங்கும்.

ஒப்பந்தத்தில் மூட்டைக் கணக்கை எழுதவே எழுதாதீர்கள். எவ்வளவு அதிகமாகப் போகிறதோ அவ்வளவு கூலி என்றால், சாக்கடைக்குள் ஊற்றுபவருக்குத்தான் லாபம். ஒவ்வொரு துளையிலும் ஆழம், அளவு, அழுத்தம், தளத்தின் உயர்வு ஆகியவற்றை எழுதிய பதிவேட்டைக் கொடுத்த பிறகே பணம் என்று எழுதுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் கூம்பு ஊடுருவல் சோதனை செய்து, மணல் எவ்வளவு இறுகியது என்று காட்டச் சொல்லுங்கள். குழாய்ப் பழுதை நீக்குவதற்கு முன் எந்த கிரவுட்டிங்குக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அடித்தளப் பொறியாளர் ஒருவர்,
மயூர் விஹார், டெல்லி.