கொலஸ்ட்ராலில் நல்லது, கெட்டது உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கொலஸ்ட்ரால் கட்டுரையோடு ஒரு பெட்டிச் செய்தியும் இருந்தது. எல்டிஎல் என்பது கெட்ட கொலஸ்ட்ரால், அது கல்லீரலிலிருந்து புறப்பட்டு ரத்தக் குழாயில் படியும். எச்டிஎல் நல்ல கொலஸ்ட்ரால், அது படிந்ததைப் பெருக்கி அள்ளிக் கல்லீரலுக்குத் திரும்பக் கொண்டுவரும் என்பது அதன் சாரம். மனப்பாடம் செய்யச் சுலபம்தான். ஆனால் இதை நம்பிக்கொண்டு ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படிப்பவர் இரண்டு இடங்களில் ஏமாந்துபோவார்.

கொலஸ்ட்ரால் ஒன்றே ஒன்றுதான். எல்டிஎல்லில் இருப்பதும் எச்டிஎல்லில் இருப்பதும் அதே மூலக்கூறு. அது ரத்தத்தில் கரையாது என்பதால், கொழுப்பை நடுவில் வைத்து மேலே புரதமும் பாஸ்போலிப்பிடும் போர்த்திய நுண்ணிய உருண்டைகளாக உடல் அதை அனுப்புகிறது. எல்டிஎல், எச்டிஎல் என்பவை அந்த உருண்டைகளின் பெயர்கள். சரக்கு ஒன்று, வண்டிதான் வேறு.

திசுக்களுக்குக் கொலஸ்ட்ரால் அனுப்புவதற்காகக் கல்லீரல் எல்டிஎல்லைத் தயாரிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கல்லீரல் பெரும்பாலும் அனுப்புவது விஎல்டிஎல் என்ற பெரிய உருண்டையை. அதில் ஏற்றப்படும் முக்கியச் சரக்கு ட்ரைகிளிசரைடு, அதாவது எரிபொருள் கொழுப்பு. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்குழாய்களின் சுவரில் லிப்போபுரத லிப்பேஸ் என்ற நொதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது ட்ரைகிளிசரைடை உடைத்து இறக்கிக்கொள்ள, உருண்டை சுருங்குகிறது. சுருங்கியவற்றில் ஒரு பகுதியை அப்போதே கல்லீரல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. எஞ்சியது மேலும் சுருங்கி, கொலஸ்ட்ரால் மட்டும் மிகுந்துபோய் நிற்கும்போது அதற்கு எல்டிஎல் என்று பெயர். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். அட்ரினல் சுரப்பி போன்றவை அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் பெரும்பாலான திசுக்கள் தங்களுக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தாங்களே செய்துகொள்கின்றன. மூளை தனக்கு வேண்டியதை ஏறக்குறைய முழுவதுமாகச் செய்துகொள்கிறது. ஒரு எல்டிஎல் உருண்டை ரத்தத்தில் இரண்டு, மூன்று நாள் சுற்றுகிறது. கடைசியில் சுமார் 70 சதவீதம் கல்லீரலுக்கே போய்ச் சேர்கிறது.

எனவே ரத்தத்தில் எல்டிஎல் எவ்வளவு என்பது பெருமளவு கல்லீரல் அதை எவ்வளவு வேகமாகத் திரும்ப எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. எடுப்பது கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் உள்ள எல்டிஎல் ஏற்பி. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1970-களில் இதைக் கண்டறிந்து 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஏற்பி உருண்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, சுமார் பத்து நிமிடத்தில் மறுபடி மேலே வந்துவிடும். இப்படி நூறு தடவைக்கு மேல் போய்வரும். செல்லுக்குள் கொலஸ்ட்ரால் போதுமான அளவு இருந்தால் புது ஏற்பிகளைச் செய்வதைச் செல் குறைத்துக்கொள்ளும். பற்றாக்குறை வந்தால் கூட்டிக்கொள்ளும்.

ஏற்பி பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு 1984-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஓர் அறுவை சிகிச்சை நல்ல சாட்சி. ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஏற்பி மரபணு வந்திருந்தது. ரத்தக் கொலஸ்ட்ரால் 1,000 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. இதயம் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. அவளுக்கு இதயத்தோடு கல்லீரலையும் மாற்றினார்கள். உடலின் மற்ற எல்லாச் செல்களிலும் ஏற்பி பழுது அப்படியே இருந்தது. ஆனாலும் புதுக் கல்லீரல் வேலை செய்யத் தொடங்கியதும் கொலஸ்ட்ரால் 300-க்குக் கீழே இறங்கிவிட்டது. எல்டிஎல் கணக்கு எங்கே தீர்மானமாகிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பழுது வந்தவர்கள் சுமார் 250 பேருக்கு ஒருவர் இருக்கிறார்கள். சிகிச்சை இல்லாமல் எல்டிஎல் 190-க்கு மேல் நிற்பது, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருப்பது, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவை அதன் அடையாளங்கள்.

ஸ்டாடின் மாத்திரையும் இந்த ஏற்பி வழியாகத்தான் வேலை செய்கிறது. கல்லீரல் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் உற்பத்தியை அது தடுக்கிறது. செல் பற்றாக்குறையை உணர்ந்து ஏற்பிகளைக் கூட்டி, ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. ஆனால் அதே பற்றாக்குறை, பிசிஎஸ்கே9 என்ற புரதத்தையும் கூட்டிவிடும். ஏற்பியைத் திரும்ப மேலே வரவிடாமல் அழிவுக்கு அனுப்புவது இந்தப் புரதம். மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினாலும் எல்டிஎல் கூடுதலாக 6 சதவீதம் அளவுக்கே குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். மாத்திரையை நிறுத்தினால் ஏற்பிகளும் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பிவிடும். ‘நார்மலுக்கு வந்துவிட்டது, இனி வேண்டாம்’ என்று நிறுத்துபவர்களின் அளவு சில வாரங்களில் மீண்டும் ஏறுவது இதனால்தான். இடையே ஒன்று: ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று பாட்டிலில் அச்சிட்டிருக்கிறதே என்று பாமாயிலை வாங்குபவர்கள் உண்டு. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் பொருட்படுத்தும் அளவுக்குக் கிடையாது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. அதுதான் கல்லீரலின் ஏற்பி வேலையை மந்தமாக்குகிறது.

இனி எச்டிஎல். எந்தத் திசுவாலும் கொலஸ்ட்ராலின் வளைய அமைப்பை உடைத்து எரிக்க முடியாது. மிகுந்ததை வெளியே தள்ளத்தான் முடியும். அதை எச்டிஎல் ஏற்றுக்கொள்வது உண்மை. கல்லீரலுக்குப் போனதும் அதில் ஒரு பகுதி பித்த அமிலமாகி, பித்தநீரோடு குடலுக்குப் போகிறது. பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதத்தைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மலத்தோடு கழிவது சொற்பம்தான். பெட்டிச் செய்தி விட்டுவிட்டது இதன் நடுவழியை. எச்டிஎல் தான் ஏற்றிய கொலஸ்ட்ராலில் கணிசமான பங்கைத் தானே கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. சிஇடிபி என்ற புரதத்தின் வழியாக அதை விஎல்டிஎல், எல்டிஎல் உருண்டைகளுக்கு மாற்றிக் கொடுக்கிறது. மாற்றாகத் தான் ட்ரைகிளிசரைடு வாங்கிக்கொள்கிறது. ‘நல்லது’ ஏற்றிய சரக்கைக் கல்லீரலில் இறக்குவதில் ‘கெட்டது’க்கும் பங்கு உண்டு என்று அர்த்தம்.

இந்தப் பரிமாற்றத்தைத் தடுத்தால் ரத்தத்தில் எச்டிஎல் ஏறும். மாரடைப்பு குறையும் என்று நம்பினார்கள். டோர்செட்ராபிப் என்ற மருந்தைச் சுமார் 15,000 பேரிடம் சோதித்தார்கள். எச்டிஎல் 72 சதவீதம் ஏறியது, எல்டிஎல்லும் குறைந்தது. ஆனால் மருந்து எடுத்தவர்களிடம் மரணம் கூடியதால் 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த மருந்து ரத்த அழுத்தத்தைக் கூட்டியது என்ற சமாதானம் உண்டு. ஆனால் அந்தக் குறையில் பெரும்பகுதி இல்லாத டால்செட்ராபிப் மருந்தும் எச்டிஎல்லை ஏற்றியதே தவிர, மாரடைப்பைக் குறைக்கவில்லை. அறிக்கையில் தெரியும் எச்டிஎல் எண், அந்த நேரத்தில் ரத்தத்தில் நிற்கும் இருப்பு. ஒரு நாளில் எவ்வளவு சரக்கு நகர்ந்தது என்பதை அது சொல்லாது. ‘எல்டிஎல் கூடத்தான், ஆனால் எச்டிஎல் 70 இருக்கிறதே’ என்ற ஆறுதலுக்கு ஆதாரம் இல்லை. முதல் ஏமாற்றம் இது.

அப்படியானால் எச்டிஎல் குறைந்தவர்களிடம் இதய நோய் அதிகம் தெரிவது ஏன்? ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு மிகுந்தால், மேலே சொன்ன பரிமாற்றத்தில் எச்டிஎல்லுக்குள் அதிக ட்ரைகிளிசரைடு ஏறுகிறது. அப்படி ஏறிய எச்டிஎல்லைக் கல்லீரலின் லிப்பேஸ் சிறுத்துவிடச் செய்கிறது. அது சீக்கிரம் ரத்தத்தை விட்டு வெளியேறுகிறது. குறைந்த எச்டிஎல் பெரும்பாலும் மிகுந்த ட்ரைகிளிசரைடின் நிழல். அரிசியும் மாவும் மிகுதியாக உண்டு, தொப்பையும் சர்க்கரையும் சேர்ந்துகொள்ளும் நம்மவர்களின் அறிக்கைகளில் இந்த ஜோடியை அடிக்கடி பார்க்கலாம். இரண்டாவது ஏமாற்றம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு மாதிரி அறிக்கையை எடுத்துக்கொள்வோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 212, ட்ரைகிளிசரைடு 260, எச்டிஎல் 34, விஎல்டிஎல் 52, எல்டிஎல் 126. இதில் முதல் மூன்றைத்தான் கருவி அளந்தது. 260-ஐ ஐந்தால் வகுத்து 52 என்று விஎல்டிஎல்லை எழுதினார்கள். 212-இலிருந்து 34-ஐயும் 52-ஐயும் கழித்து 126 என்று எல்டிஎல்லை எழுதினார்கள். 1972-இல் வந்த ஃப்ரீடுவால்ட் சூத்திரம் இது. உங்கள் அறிக்கையில் விஎல்டிஎல்லை ஐந்தால் பெருக்கினால் ட்ரைகிளிசரைடு அச்சாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால், விஎல்டிஎல் அளக்கப்பட்டதல்ல. எல்டிஎல்லும் பெரும்பாலும் கணக்குப் போட்டதாகவே இருக்கும்.

விஎல்டிஎல்லில் ட்ரைகிளிசரைடும் கொலஸ்ட்ராலும் ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கும் என்ற அனுமானத்தில் நிற்கிறது இந்தக் கணக்கு. ட்ரைகிளிசரைடு ஏற ஏற அந்த விகிதம் குலைகிறது. கழிக்க வேண்டியதைவிட அதிகம் கழிபட்டு, எல்டிஎல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். 400-க்கு மேல் இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தவே கூடாது; நேரடி எல்டிஎல் பரிசோதனையோ அப்போபி பரிசோதனையோ கேட்க வேண்டும். விஎல்டிஎல், எல்டிஎல் உருண்டை ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் அப்போபி புரதம் இருப்பதால், அதை அளந்தால் உருண்டைகளின் எண்ணிக்கையே கிடைத்துவிடும். ரத்தக் குழாய்ச் சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்பவை இந்த உருண்டைகள்தாம். எத்தனை, எத்தனை ஆண்டுகளாக என்பதே அங்கே கணக்கு.

அப்போபி பார்க்க வசதியில்லாதவர் மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்தால் போதும். நம் மாதிரியில் 212-இல் 34 போக 178. சுவரில் சிக்கக்கூடிய எல்லா உருண்டைகளின் கொலஸ்ட்ராலும் இதில் அடங்கும். இதில் ஐந்தால் வகுக்கும் அனுமானம் எதுவும் இல்லை, வெறும் வயிறும் கட்டாயமில்லை. இதற்கான இலக்கு எல்டிஎல் இலக்கைவிட 30 கூட. எல்டிஎல் 100-க்குள் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன ஒருவருக்கு இது 130-க்குள் இருக்க வேண்டும். எல்டிஎல்லை மட்டும் பார்த்தால் அவர் 26 தாண்டியிருக்கிறார். இந்தக் கணக்கில் 48. ‘பார்டர்தான், பார்த்துக்கொள்ளலாம்’ என்று அறிக்கையை மடித்து வைப்பவர்களில் பலர் இந்த வகையினர்.

அடுத்த முறை அந்தப் பெட்டிச் செய்தியை வெளியிடும்போது நல்லது, கெட்டது என்ற இரண்டு வரிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தக் கழித்தலை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் பேராசிரியர் (ஓய்வு),
திருச்சி.