தேனுவுக்கு, அந்தக் கொட்டேஷன் பற்றி

அன்புள்ள தேனு,

வியாழக்கிழமை ராத்திரி வாட்ஸப்பில் நீ அனுப்பிய, உன் சமையலறைக்குப் பெட்டி அடிக்கிற கொட்டேஷனும் சமையலறைப் போட்டோவும் வந்தன. கூட ஒரு வரி இல்லை. இரண்டு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஆபீஸ் வேலையாக இருந்திருக்கும். போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். அவள் சமையலறையைப் பார்க்காமல் வேறு ஏதோ கேட்டாள். அது இருக்கட்டும். கொட்டேஷனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

முதலில் ஒன்று. அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

"ரன்னிங் அடி 7,000, மொத்தம் 18 அடி, 1,26,000 ரூபாய், சிம்னி இலவசம்" என்று கடைக்காரன் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறான். ரன்னிங் அடி என்றால் சுவரோரமாகப் போகும் நீளம். ஆழமும் உயரமும் அந்தக் கணக்கில் வராது. அதனால் 7,000 என்ற எண்ணை மட்டும் வைத்து விலை குறைவா கூடுதலா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஒரு அடிக்குள் என்னென்ன அடங்கும், அடியை எங்கிருந்து எங்கே அளந்தான், இந்த இரண்டும் தெரிந்தால்தான் அது விலை. கடைக்கடையாகப் போய் "அடி என்ன ரேட்" என்று மட்டும் கேட்காதே.

அளவை எடுத்துக்கொள். உன் சமையலறை எல் வடிவம், ஒரு சுவர் 10 அடி, இன்னொன்று 8 அடி. இரண்டையும் கூட்டி 18 என்று போட்டுவிட்டான். கீழ்ப்பெட்டியின் ஆழம் 2 அடி. 10 அடிச் சுவரில் பெட்டி மூலைவரை போனால், 8 அடிச் சுவரில் முதல் 2 அடியை அதுவே பிடித்துக்கொள்ளும். மிச்சம் 6 அடிதான். ஆக உண்மையில் 16 அடி. மூலை இரண்டு தடவை விற்கப்பட்டிருக்கிறது. கேட்டால் "மூலைப் பெட்டிக்கு வேலை ஜாஸ்தி மேடம்" என்பான். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. அப்படியானால் மூலைக்குள் கை எட்டுவதற்கான சுழல் தட்டு அந்த விலையிலேயே வர வேண்டும். அவன் அதை "கூடுதல் சாமான்" பட்டியலில் வைத்துத் தனியாகக் காசு கேட்கிறான். இரண்டில் ஒன்றுதான் வாங்கலாம்.

மேல்பெட்டிக் கணக்கு இதைவிட மோசம். மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் கீழ்ப்பெட்டிக்கு 4,400, மேல்பெட்டிக்கு 2,600 என்று பிரித்திருக்கிறான், அந்த மட்டில் நல்லவன். மேல்பெட்டியின் ஆழம் 1 அடி, அதனால் மூலையைக் கழித்தால் 17 அடி. சிங்க் மேலே 4 அடிக்கு ஜன்னல் இருக்கிறது, அங்கே பெட்டி வராது. 60 செ.மீ. சிம்னி 2 அடியைப் பிடிக்கும், அங்கேயும் வராது. மிச்சம் 11 அடி. இப்போது கணக்குப் போடு. கீழே 16 அடிக்கு 70,400. மேலே 11 அடிக்கு 28,600. கூட்டினால் 99,000. அவன் கேட்பது 1,26,000. இலவச சிம்னியின் விலை எங்கே இருக்கிறது என்று தெரிந்ததா?

எட்டாம் வகுப்பிலேயே நீ என் எஸ்டிமேட்டில் கூட்டல் பிழை கண்டுபிடித்தவள். இதை நீ பார்க்காமல் விட்டது எனக்கு ஆச்சரியம். மனசு வேறெங்கோ இருந்திருக்கிறது.

அடுத்தது பெட்டி. "வாட்டர்ப்ரூஃப் ப்ளை" என்று எழுதியிருக்கிறான், அதற்கு அர்த்தமே கிடையாது. ப்ளையின் தர எண்ணைப் போட்டு, ஐ.எஸ். 303 பி.டபிள்யூ.ஆர். என்றோ ஐ.எஸ். 710 என்றோ எழுதித் தரச் சொல். சிங்க் கீழே வரும் பெட்டிக்கு 710 கட்டாயம் வேண்டும், மற்றதற்கு 303 பி.டபிள்யூ.ஆர். போதும். அதே 303-இல் எம்.ஆர். என்று ஒரு ரகம் உண்டு, அது அலமாரிக்கு ஆகும், அடுப்பங்கரைக்கு ஆகாது. முத்திரை பலகையின் மேல் இருக்கும். லேமினேட் ஒட்டிவிட்டால் யாராலும் பார்க்க முடியாது. அதனால் அறுப்பதற்கு முன்பே பட்டறைக்குப் போய்ப் பார்த்து போட்டோ எடுத்துக்கொள். பக்கப்பலகை 18 மி.மீ. இருக்க வேண்டும். பின்பலகை 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சில பேர் பின்பலகையே போடுவதில்லை, சுவரைத்தான் பின்பக்கமாகக் காட்டுவார்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. உன் போட்டோவில் பில்டர் போட்ட மேடை தெரிகிறது, கடப்பாக்கல் தாங்கல், மேலே கறுப்பு கிரானைட். அதை அப்படியே வைத்துக்கொண்டால் பெட்டி முழுதாக உள்ளே போகாது. முன்னால் ஒரு சட்டம் அடித்துக் கதவை மட்டும் மாட்டிவிட்டு, முழுப்பெட்டிக்கான ரேட்டை வாங்குவார்கள். அந்த வேலைக்குக் கதவின் சதுர அடிக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். உன்னுடையவன் மேடையை உடைக்கிறேன் என்கிறான். உடைப்புக்கூலி, இடிபாடு அள்ளுவது, குழாய் வேலை, உடையும் டைல்ஸ், ஒன்றும் கொட்டேஷனில் இல்லை. உடைக்கலாமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெட்டி தரையில் உட்காரக் கூடாது, 4 அங்குலக் கால்களில் நிற்க வேண்டும். நம் வீட்டில் தரையைத் தண்ணீர் ஊற்றித்தான் கழுவுவோம், நீயும் அப்படித்தான் செய்வாய். அடிப்பலகை தண்ணீரில் நின்றால் இரண்டு மழைக்காலம் தாங்காது. சிங்க் கீழே குழாய்க்குத் துளை போடும்போது அறுத்த ஓரம் பூச்சில்லாமல் நிற்கும், ப்ளை முதலில் உப்புவது அங்கேதான். சிலிக்கான் பூசாமல் பிளம்பரை அனுப்பாதே.

ஹார்டுவேர் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறான். ரன்னிங் அடி விலையில் அடங்குவது சாதாரணக் கீல், கைப்பிடி, நடுவில் ஒரு தட்டு, அவ்வளவுதான். இழுப்பறை எத்தனை, கம்பிக்கூடை எத்தனை என்று எண்ணிக்கை போட்டு வாங்கு. நல்ல டேண்டம் பாக்ஸ் இழுப்பறை ஒன்று மூவாயிரத்துக்கு மேலே போகும். ஆறு வைத்தால் அதுவே தனி பில். எல்லா இடத்திலும் அது வேண்டாம். பாத்திரம் வைக்கும் இரண்டு ஆழமான இழுப்பறைக்கு மட்டும் போடு, கரண்டி தட்டுக்கு டெலஸ்கோப்பிக் சேனல் போதும். கூடையைக் காட்டிக் காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், 304 ஸ்டீல் என்பான். 202 என்ற மட்டமான ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டாது. அது உப்புக்கும் புளிக்கும் தாங்காமல் பற்றவைத்த இடத்தில் துரு கக்கும். பில்லில் 304 என்று எழுதி வாங்கு.

கல் கணக்கிலும் அதே மூலைதான். 45 சதுர அடி போட்டிருக்கிறான். 25 அங்குல ஆழத்துக்கு உனக்கு வருவது 33-தான். கல்லில் கழிவு உண்டு, அதற்காக 12 சதுர அடி ஆகாது. பெட்டி உட்கார்ந்த பிறகுதான் கல்லை அளக்க வேண்டும். சிங்க் வெட்டின் நான்கு மூலையும் வளைவாக இருக்கட்டும், கூர்மையாக வெட்டினால் அங்கிருந்துதான் விரிசல் ஓடும்.

சிம்னி இலவசம் என்றாலும் குழாயும் சுவரில் துளை போடுவதும் உன் செலவு. பில்டர் விட்டிருப்பது 4 அங்குலத் துளையாகத்தான் இருக்கும். சிம்னியின் வாய் 6 அங்குலம். சின்னத் துளைக்கு ஏற்றாற்போல் குறுக்கி மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் 1,200 என்று பெட்டியில் அச்சடித்திருக்கும் உறிஞ்சும் சக்தி எதற்கும் உதவாது. சத்தம் மட்டும் கூடும், தாளிக்கும்போது புகை முன்பக்கம் வழிந்து முகத்தில் அடிக்கும். துளையை 6 அங்குலமாகப் பெரிதாக்கச் சொல், வளைவு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அடுப்புக்கு மேல் 26 முதல் 30 அங்குலத்துக்குள் மாட்ட வேண்டும். இரண்டு பர்னர் அடுப்புக்கு 60 செ.மீ. போதும்தான். கொட்டேஷனில் இரண்டு பர்னர் என்று இருப்பதை அம்மாவும் கவனித்தாள்.

இதற்கெல்லாம் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருக்கிறது. ஆக அட்வான்ஸ் கொடுக்காதே. அளவைத் திருத்தி, ப்ளை, கீல், இழுப்பறை எண்ணிக்கை எல்லாம் எழுதிப் புதிய கொட்டேஷன் வரட்டும். பணத்தில் பத்து சதவீதத்தை மட்டும், பெட்டி மாட்டி முடித்து எல்லாக் கதவும் ஒழுங்காக மூடிய பிறகு கொடு.

கொட்டேஷன் உன் பெயரில் மட்டும் இருக்கிறது. சரி, லோன் உன் பெயரில் இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

மேடையை உடைப்பதைப் பற்றி. அழகுக்காக என்றால் வேண்டாம். உயரம் சரியில்லை என்றால் மட்டும் உடை. நேராக நின்று முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கைவரை அள. அதில் 5 அங்குலம் கழித்தால் மேடை உயரம். 5 அடி 1 அங்குலம் உள்ள உனக்கு 33 பக்கம் வரும். அடுப்பைக் கல்லின் மேல் தனியாக வைப்பதாக இருந்தால் அந்த இடம் மட்டும் 4 அங்குலம் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் குக்கருக்குள் எட்டிப் பார்க்கத் தோளைத் தூக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கு எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். ஊரில் எத்தனை வீட்டுக்கு நின்று அளந்து போட்டுக் கொடுத்திருப்பேன். நம் வீட்டு மேடை 36 அங்குலம். அம்மா 4 அடி 10. அப்போது வேறொரு வீட்டுக்கு அறுத்து மிஞ்சிய பலகை அந்த அளவில் இருந்தது, அதை அப்படியே மாட்டினேன். அவளை நிற்கவைத்து அளக்கவில்லை. அந்த மணைப்பலகை ஏன் எப்போதும் அடுப்படியில் கிடக்கிறது என்று நீ சின்னப்பிள்ளையில் கேட்பாய், ஞாபகம் இருக்கிறதா. அவள் ஏறி நின்று தோசை ஊற்றுவதற்குத்தான். இப்போது வலது தோள் தூக்க முடிவதில்லை. டாக்டர் வயசு என்றார், நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவள் ஒரு நாளும் உயரமாக இருக்கிறது என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அதனால் உன் அளவை எடுத்து அனுப்பு. செருப்புப் போட்டு நின்று சமைப்பாய் என்றால் செருப்போடு அள. அங்கே சமைப்பது இரண்டு பேர் என்றால் இரண்டு பேர் அளவையும் எழுது, நடுவில் ஒன்று போட்டுத் தருகிறேன். ஒருவர் என்றால் ஒன்று போதும். போனில் சொல்ல வேண்டாம், எண்ணை மட்டும் அனுப்பினாலும் அப்பாவுக்குப் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்து வைத்திருக்கிறேன். டேப் என்னிடம் இருக்கிறது.

அப்பா