மருந்தைக் கொடுக்கிறீர்கள், தேதியையும் கொடுங்கள்

செட்டிநாட்டுப் பகுதியில் கால்நடை முகாம் நடத்தும் மருத்துவர்களுக்கும், எங்கள் பாலை அளந்து வாங்கும் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

ஐப்பசி மழைக்குப் பிறகு நடந்த முகாமில் ஈக்கும் பேனுக்கும் என்று கொடுக்கப்பட்ட மருந்தைப் பற்றி உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. பெரிய கேனிலிருந்து சின்ன வெள்ளைப் பாட்டில்களில் ஊற்றிக் கொடுத்தது நீங்கள்தான். பாட்டிலில் பெயர் இல்லை, அளவு இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை. "தண்ணியில கலந்து அடிங்க" என்பதோடு சரி. அந்த வாரமே மூன்று கொட்டகைப் பால் மருந்து வாடை என்று திருப்பி அனுப்பப்பட்டது. திருப்பியவர்களும் நீங்களே. மாடு வளர்ப்பவர்களுக்குப் பொறுப்பில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னதைத்தான் எங்களால் மறக்க முடியவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. மருந்து கொடுக்கும்போது ஒரு சீட்டில் தமிழில் ஐந்து விவரங்களை எழுதிக் கொடுங்கள்: மருந்தின் பெயர், எத்தனை சதவீதம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி, மறுபடி அடிக்க வேண்டிய தேதி, எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது.

சதவீதம் எதற்கு என்று முகாமில் ஒருவர் கேட்டார். மாட்டுக்கென்று வரும் டெல்டாமெத்ரின் பெரும்பாலும் 1.25 சதவீதம். உரக்கடையில் பருத்திக்கும் காய்கறிக்கும் விற்கிற டெல்டாமெத்ரின் 2.8 சதவீதம். பெயர் ஒன்றுதான். லேபிளில் லிட்டருக்கு 2 மில்லி என்று இருக்கும் மாட்டு மருந்தை 10 லிட்டர் தண்ணீரில் 20 மில்லி கலந்தால் உள்ளே போவது 250 மில்லிகிராம். பாட்டில் தீர்ந்துபோனவர் உரக்கடையில் அதே பெயரைக் கேட்டு வாங்கி அதே 20 மில்லியை ஊற்றினால் போவது 560 மில்லிகிராம், இரண்டு மடங்குக்கும் மேல். பயிர் மருந்தில் சேர்த்திருக்கும் கரைப்பானும் மாட்டுத் தோலுக்கென்று செய்ததல்ல. போதாக்குறைக்கு அமிட்ராஸ் என்ற வேறொரு மருந்து 12.5 சதவீதத்தில் வருகிறது. 1.25, 12.5 என்று வாயால் சொல்லிவிட்டுப் போனால் யாருக்கு நினைவிருக்கும்? மாடு எச்சில் ஒழுக நடுங்கி நிற்கும்போது வரும் மருத்துவரும் முதலில் என்ன மருந்து அடித்தீர்கள் என்றுதான் கேட்பார். காட்டுவதற்குப் பெயரில்லாத பாட்டில்தான் இருக்கிறது.

இந்த ஐந்தில் எங்களை அதிகம் வாட்டுவது மறுதேதி இல்லாத குறை. பேன் மருந்து ஒரு தடவை கொடுத்தால் போதும் என்று நினைத்துவிடுகிறீர்கள். பேன் சாகும், ஈர் சாகாது. முடியின் அடியில் பசை போட்டதுபோல ஒட்டியிருக்கும் அந்த முட்டைக்குள் மருந்து போவதில்லை. அடித்த மறுநாள் மாடு தூணில் உரசுவது நின்றுவிடும், எல்லோரும் மருந்து நல்ல மருந்து என்பார்கள். ஒன்று, இரண்டு வாரத்துக்குள் ஈரெல்லாம் பொரிந்துவிடும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தாங்களும் ஈர் வைக்க இன்னும் ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஆகவே இரண்டாவது தடவை 14ஆம் நாளை ஒட்டி அடிக்க வேண்டும். 5ஆம் நாளே அடித்தால் பொரியாத ஈர் மிச்சம் இருக்கும். ஒரு மாதம் கழித்து அடுத்த முகாமில் அடித்தால் புது ஈர் வைத்து முடித்திருக்கும். இரண்டிலும் மருந்து வீண். நீங்கள் கொடுத்த பாட்டிலோ ஒரு தடவைக்குத்தான் காணும்.

ஒரு கொட்டகையை எடுத்துக்கொள்வோம். கறவைப் பசு இரண்டு, எருமை ஒன்று, கன்று ஒன்று. தாடியிலும் கழுத்திலும் வாலின் அடியிலும் தொடையின் உள்பக்கத்திலும் முடியை விலக்கி வெளிச்சத்தில் பார்த்தால் பேன் தெரியும். வால் குஞ்சத்தையும் விடக் கூடாது. கன்றுக்குத்தான் பேன் அதிகம் ஏறும். கண் இமையை லேசாகத் திருப்பிப் பார்த்தால் உள்ளே சிவப்பு குறைந்து வெளுத்திருந்தால் இரத்தம் குடிக்கும் பேன் ஒரு காரணமாக இருக்கலாம், குடற்புழுவும் இருக்கலாம், மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பேன் கண்டது ஒரு மாட்டில் என்றாலும் நான்குக்கும் ஒரே நாளில் அடிக்க வேண்டும். ஒன்றை விட்டால் அதிலிருந்து மற்றதுக்கு ஏறும். எருமையின் பேன் வேறு வகைதான், ஆனாலும் எதில் எது இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

காலைப் பால் கறந்து, கேனைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோன பிறகே மருந்தைக் கையில் எடுக்க வேண்டும். மாடுகளுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தாகத்தில் உடம்பில் வழிகிற மருந்தை நக்கும். உச்சி வெயிலிலும் மழை நாளிலும் வேண்டாம். காடியில் தீவனம் இருக்கக் கூடாது, கழுநீர்த் தொட்டியை மூடிவிட வேண்டும். கையுறை போட்டு, மூக்கு வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, முடி சாய்ந்திருக்கும் பக்கத்துக்கு எதிராக அடித்தால் மருந்து தோல் வரை போகும். கண்ணிலும் மடியிலும் படக் கூடாது. காயும் வரை தாயையும் கன்றையும் பிரித்துக் கட்ட வேண்டும். சாயங்காலம் கறக்கும் முன் மடியைத் தண்ணீரால் நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும்.

இந்த வரிசை தெரியாமல்தான் மூன்று பேர் சாயங்காலம் கறவைக்கு முன்னால் ஈத் தொல்லை தாங்காமல் கொட்டகை முழுக்க அடித்துவிட்டார்கள். பால் வாடையைச் சட்டென்று இழுக்கும். திருப்பி அனுப்பியது தவறென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வாடை வந்தால் மருந்து இருக்கிறது, வராவிட்டால் இல்லை என்ற கணக்கு தப்பு. இந்த மருந்துகள் கொழுப்பில் தங்குபவை, பாலின் கொழுப்பு வழியாக வாடையில்லாமலும் வரும். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும், லேபிளில்தான் இருக்கும். அந்த லேபிள் உங்கள் கேனில் ஒட்டியிருக்கிறது.

ஐவர்மெக்டின் ஊசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேனுக்கு என்று கறவை மாட்டுக்கே அது போடப்படுகிறது. போட்ட பின் வாரக்கணக்கில் பாலில் வரும், காய்ச்சினாலும் போகாது. மனிதர் குடிக்கப் பால் கொடுக்கும் மாட்டுக்குப் போடாதே என்றுதான் அந்த மருந்துகளின் லேபிள்கள் பொதுவாகச் சொல்கின்றன. இரத்தம் உறிஞ்சும் பேனை அது கொல்லும், தோலைக் கடித்துத் தின்னும் பேனிடம் ஊசி அவ்வளவாகச் செல்லாது. ஊசி போட்டும் பேன் போகவில்லை என்று வருகிறவரிடம் இன்னொரு ஊசி போடுவது எந்த விதத்தில் நியாயம்? அந்தப் பாலைக் குடிப்பது எங்கள் ஊர்க் குழந்தைகள்தானே.

வேப்பெண்ணெய் அடித்தால் பால் கெடாது என்று முகாமில் சொன்னதையும் திருத்திச் சொல்லுங்கள். ஈயை அது கொஞ்ச நேரம் அண்டவிடாது, உண்மை. ஆனால் கறப்பதற்கு முன் தடவினால் பாலில் அந்த வாடை ஏறும். கறந்த பிறகு, மடியை விட்டுவிட்டுத் தடவ வேண்டும். கறக்கும்போது வேப்பிலைப் புகை போட்டாலும் பாலில் வாடை ஏறும்.

ஈயைப் பொறுத்தவரை, மாட்டின் மேல் அடிக்கும் மருந்தால் அது தீராது என்பது உங்களுக்கே தெரியும். மாடு விடாமல் காலை உதைத்துக்கொண்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே பாருங்கள். வீட்டு ஈயைப் போலவே இருந்து, ஊசி மாதிரி மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கடி ஈ. அது சாணிக் குவியலைவிடக் காடிக்கு அடியில் மூத்திரமும் சாணியும் கலந்து மக்கிய வைக்கோலில்தான் அதிகம் பெருகும். எங்கள் வெக்கையில் வீட்டு ஈ முட்டையிலிருந்து ஈயாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கடி ஈக்கு இரண்டு, மூன்று வாரம். காடியடி வைக்கோலை வாரம் இருமுறை வாரி வெளியே போட்டுக் காயவிட்டால் இரண்டும் ஈயாகும் முன் அழிந்துவிடும். குப்பைக்குழியைக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் மண் அணைத்து மூடினால் உள்ளே ஏறும் சூட்டில் புழு சாகும். நடுவில் சூடு ஏறினால் புழு ஓரத்துக்கு நகர்ந்துவிடும், அதனால் ஓரத்துச் சாணியை அள்ளி நடுவில் போட்டு மறுபடி மூட வேண்டும். குழியின் மேல் பூச்சிமருந்து ஊற்றச் சொல்லாதீர்கள். புழுவைத் தின்னும் மற்றப் பூச்சிகளும் அதில் சாகும்.

இங்கே ஊருக்கு ஊர் செம்பூரான் கல் படிக்கட்டோடு ஊருணி வெட்டி வைத்திருக்கிறார்கள். குடிநீர் ஊருணியில் யாரும் மாட்டை இறக்குவதில்லை. ஆனால் தெருவில் பெய்கிற மழை வரத்துக்கால் வழியாக அங்கேதான் போகிறது. மருந்து அடித்த மாட்டைக் கழுவும் தண்ணீரும், மிச்ச மருந்தும், காலிப் பாட்டிலும் அந்தக் கால்வாயில் போனால் டெல்டாமெத்ரினுக்கு மீன் தாங்காது. மாட்டுப் பொங்கலுக்குக் கண்மாயில் குளிப்பாட்டுவதற்கு முந்தின வாரம் முகாம் வைப்பதையும் தயவுசெய்து தவிருங்கள். ஊருணித் தண்ணீர் பச்சை பிடித்துக் கிடப்பதும், கால்வாய் அடைபட்டுக் கிடப்பதும், கொட்டகைக்கு முன்னால் மழைநீர் தேங்குவதும் உங்கள் துறைக்கு உட்பட்டதல்ல என்பது தெரியும். எத்தனை வருடமாக யாரிடம் சொன்னாலும் இது இன்னொருவர் வேலை என்ற பதில்தான் வருகிறது. அந்தக் கோபத்தை உங்கள் மேல் காட்ட விரும்பவில்லை.

உங்களிடம் கேட்பது சீட்டு மட்டுமே. கேனில் உள்ள லேபிளைப் பார்த்து அந்த ஐந்து வரியை எழுதி அச்சடித்தால் ஒரு தாளில் எட்டு சீட்டு எடுக்கலாம். 14 நாளுக்குப் பிறகு வரும் தேதியை மட்டும் கையால் எழுதினால் போதும். இரண்டாவது தடவைக்கான மருந்தையும் சேர்த்துக் கொடுங்கள், அல்லது அந்தத் தேதியில் முகாமை வையுங்கள். சங்க நிர்வாகிகள் அந்தச் சீட்டைப் பார்த்து, பால் ஊற்றக் கூடாத நாட்களைக் குறித்துக்கொண்டு, அந்த நாட்களில் ஊற்றாதவரின் உறுப்பினர் கணக்கில் விடுப்பு எழுதாமல் இருந்தால், எவரும் மருந்து அடித்ததை மறைக்க வேண்டிய நிலை வராது.

அடுத்த முகாம் கார்த்திகை கடைசியில் என்று கேள்விப்பட்டோம். அதற்குள் சீட்டைத் தயார் செய்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தமிழ் வாசகத்தை எழுதித் தர வேண்டுமென்றால் நாங்கள் வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டாரப் பால் உற்பத்தியாளர்கள்