தார்ப்பாய் பிடித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறுநீரக நோயாளிகளின் சிகிச்சை நிதிக்காகப் புதுச்சேரியில் கடந்த ஞாயிறன்று நடந்த ஓட்டத்தில் பணியாற்றிய மார்ஷல்கள், தண்ணீர்ப் பந்தல் குழுவினர், மருத்துவத் தொண்டர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பரிசளிப்பு மேடையில் உங்களுக்குப் பொதுவாக ஒரு கைதட்டல் கிடைத்தது. நீங்கள் செய்தது என்னவென்று அங்கிருந்த பலருக்குத் தெரிந்திருக்காது. அரை மாரத்தானில் என்னோடு ஓடிய நண்பர் இன்று வீட்டில் நலமாக இருப்பதற்கு நீங்களே காரணம் என்பதால், அதை நான் எழுதுவதுதான் முறை.

தேங்காய்த்திட்டுப் பக்கம், பதினெட்டாவது கிலோமீட்டர் தாண்டியதும் அவருடைய கால்கள் பின்னத் தொடங்கின. திருப்பத்தில் நின்றிருந்த மார்ஷல், கல்லூரி மாணவி என்று நினைக்கிறேன், அவரை நிறுத்தி, "அண்ணா, இது எந்த ஊர்?" என்று கேட்டார். நண்பர் "வீட்டுக்குப் போகணும்" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். களைத்தவர் மெதுவாகவேனும் சரியான பதில் சொல்வார். பேச்சு குழம்பினால் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். அந்த வேறுபாட்டை அறிந்திருந்த அந்தப் பெண், அவருடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டே, மார்பு எண்ணையும் இடத்தையும் வாக்கி-டாக்கியில் தெரிவித்தார். நண்பரின் உடம்பெல்லாம் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. தோல் வறண்டால்தான் வெப்பத் தாக்கு என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். ஓட்டக்காரர்களுக்கு அது பொருந்தாது. நம் கடலோரக் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் ஆவியாகாமல் வழிந்தோடுவதால், அது உடலைக் குளிர்விப்பதில்லை.

சில நிமிடங்களில் மருத்துவத் தொண்டர்கள் வந்து சேர்ந்தார்கள். நெற்றியிலோ அக்குளிலோ அளந்தால் உள்வெப்பம் சரியாகத் தெரியாது என்பதால், துணியால் மறைப்புக் கட்டி, மலக்குடல் வெப்பமானியால் அளந்தார்கள். 41.4 டிகிரி செல்சியஸ். 40 டிகிரியைத் தாண்டி, நினைவும் தடுமாறினால் ஒவ்வொரு நிமிடமும் உள்ளுறுப்புகளுக்குக் கேடு. கூடியிருந்தவர்கள் "உடனே ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள்" என்று சத்தம் போட்டார்கள். ஆம்புலன்ஸ் பத்தடி தூரத்தில்தான் நின்றது. பொறுப்பில் இருந்த மருத்துவர் அசையவில்லை. முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம் என்றார். அந்தக் கூச்சலுக்கு நடுவே அப்படி உறுதியாக நிற்பது எளிதன்று.

தண்ணீர்ப் பந்தல் குழுவினரின் பங்கு இங்கேதான் வருகிறது. குளியல் தொட்டி இல்லை. அவர்களிடம் நீலத் தார்ப்பாய் ஒன்று இருந்தது. நண்பரை அதில் கிடத்தி, ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று ஓரங்களைத் தூக்கிப் பிடித்துத் தொட்டியாக்கினார்கள். பந்தலில் இருந்த கேன் தண்ணீரும், மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீன் பெட்டியில் வந்திருந்த உடைத்த ஐஸும் அதில் கொட்டப்பட்டன. தலையை ஒருவர் தண்ணீருக்கு மேலே தாங்கிக்கொள்ள, மற்றவர்கள் தார்ப்பாயை இருபுறமும் மாறி மாறி அசைத்தார்கள். அசைக்காவிட்டால் உடலை ஒட்டிய தண்ணீர் சூடாகி, அப்படியே தங்கிவிடும். நினைவு தடுமாறியவர் வாயில் யாரும் தண்ணீர் ஊற்றவும் இல்லை. பதினேழாவது நிமிடத்தில் வெப்பம் 39-க்கு வந்ததும், அதற்கு மேல் குளிர்வித்தால் உடல் அளவு மீறிக் குளிர்ந்துவிடும் என்று வெளியே எடுத்துத் துடைத்தார்கள். அதற்குள் அவர் என் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டார். மருத்துவமனைக்கு அதன் பிறகே புறப்பட்டோம். ஈரலுக்கும் சிறுநீரகத்துக்குமான ரத்தப் பரிசோதனைகளில் பெரிய கோளாறு எதுவும் தென்படவில்லை.

அமெரிக்காவின் ஃபால்மவுத் ஓட்டத்தில், பதினெட்டு ஆண்டுகளில் இப்படி வெப்பத் தாக்குக்கு ஆளான 274 பேரை ஐஸ் நீரில் அமிழ்த்திக் குளிர்வித்தார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள் என்பது 2015-இல் வெளியான ஆய்வின் பதிவு. அங்கே கூடாரமும் தொட்டிகளும் உண்டு. நீங்கள் அதே வேலையைச் சாலையோரத்தில், ஒரு தார்ப்பாயை வைத்துச் செய்தீர்கள்.

அமைப்பாளர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். அடுத்த ஆண்டு கடைசி ஐந்து கிலோமீட்டரில் உள்ள ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் ஒரு தார்ப்பாயும் ஒரு பெட்டி ஐஸும், குடிதண்ணீர்க் கணக்கில் சேராமல், தனியே இருக்கட்டும். அந்த ஐஸைக் கொடுத்த துறைமுகத்துப் பெரியவர் அன்று பணம் வாங்க மறுத்துவிட்டாராம். அவரை எங்கே பார்க்கலாம் என்று தண்ணீர்ப் பந்தல் குழுவினரிடம் கேட்டுச் சொன்னால், நண்பர் நேரில் போய்ப் பார்க்க விரும்புகிறார்.

நன்றியுடன்,
அரை மாரத்தானில் ஓடிய ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி