உணவுப்படியும் குறைந்துபோகும் சேமநிதியும்

ஆசிரியருக்கு,

கங்கைகொண்டானில் வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்கு மாதச் சம்பளம் 28,000 ரூபாய். அடிப்படைச் சம்பளத்தை 15,000-லிருந்து 10,000 ஆக்கி, மீதியை உணவுப்படி, பயணப்படி என்று பிரித்து, கையெழுத்து கேட்டிருக்கிறார்கள். "கையில 600 ரூவா கூட வருது மாமா" என்றான்.

அந்த 600 அவனுடைய சேமநிதிப் பணம்தான். 12 சதவீதப் பிடித்தம் 1,800-லிருந்து 1,200 ஆகிறது. நிர்வாகம் போடும் பங்கும் அதே அளவு குறைகிறது. பணிக்கொடையும் குறையக்கூடும். சரி, வரியாவது மிச்சமா? இந்தச் சம்பளத்துக்குப் புதிய வருமான வரி முறையில் வரியே கிடையாது.

எந்த முறையில் வரி கட்டுவது என்பதை ஊழியர் தேர்ந்தெடுக்கலாம். சம்பளப் பிரிவுகளைத் தானாக மாற்ற முடியாது. நிர்வாகம் மாற்றுவதற்கு ஊழியர் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. தொழிலாளர் என்ற வகையில் வருபவருக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். எல்லோருக்கும் ஒரேமாதிரி தரும் படித்தொகையும் சேமநிதிக் கணக்கில் அடிப்படைச் சம்பளமே என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் பிள்ளைகள் பழைய சம்பளச் சீட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு வாசகர், பாளையங்கோட்டை